சாலை முடிந்துபோகும் கனவு

29 வயது இளைஞர் ஒருவரைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். திண்டுக்கல் பக்கம் சொந்த ஊர். கல்லூரிப் படிப்பு முடிந்தபின் வந்த வருடங்களில் பெரும்பகுதி குரூப் 2 தேர்வுக்குப் படிப்பதிலேயே கழிந்துவிட்டது. கூடப் படித்தவர்கள் வேலை, கல்யாணம், குழந்தை என்று போய்விட்டார்கள். விடியற்காலை நாலே முக்காலுக்கு அவர் திடுக்கிட்டு விழித்து, கண்ட கனவை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார்:

“அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து பைக்கில் போகிறேன். புது பைபாஸ் ரோடு. வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது. திடீரென்று ரோடு இல்லை. எதிரே செம்மண் மேடு. பக்கத்தில் ஒரு ஜேசிபி நிற்கிறது, அதில் ஆள் இல்லை. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ‘ஏம்ப்பா நிறுத்திட்ட?’ என்று அப்பா கேட்கிறார். பதில் சொல்ல வாய் வரவில்லை. காலைத் தரையில் ஊன்றினேன், எடுக்க முடியவில்லை. முழிப்பு வந்துவிட்டது.”

இந்தக் கனவைக் கேட்கும் எவரும் அதன் பொருளை நொடியில் சொல்லிவிடுவார்கள். வாழ்க்கை நின்றுவிட்டது, சாலையும் நின்றுவிட்டது. இதில் ஆராய என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் கனவை அறிவியலாகப் படிப்பவர்கள் முதலில் தள்ளி வைப்பது இந்த உடனடி விளக்கத்தைத்தான். காரணம், அது எல்லாவற்றுக்கும் பொருந்திவிடுகிறது. இந்த இளைஞர் ஒருவேளை தேர்வில் வென்று வேலையில் சேரப்போகும் வாரத்தில் இதே கனவைக் கண்டிருந்தால், ‘புது வாழ்க்கை பற்றிய பயம்’ என்று அதே வேகத்தில் சொல்லியிருப்போம். எந்தக் கனவு வந்தாலும் தோற்காத விளக்கம் எதையும் விளக்குவதில்லை. அதனால் அவர்கள் வேறு இடத்தில் தொடங்குகிறார்கள்: முதலில் எண்ணுகிறார்கள்.

அமெரிக்க உளவியலாளர்கள் கால்வின் ஹாலும் ராபர்ட் வான் டி காசிலும் 1966-ல் கனவுகளை எண்ணுவதற்கென்று ஒரு முறையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்கள் 100 பேர், மாணவிகள் 100 பேர், ஆளுக்கு ஐந்து கனவு என்று 1,000 கனவுகளை வரி வரியாகப் பிரித்துக் குறியிட்டார்கள். யார் வந்தார்கள், எங்கே நடந்தது, என்ன உணர்ச்சி, யார் யாரைத் தாக்கினார்கள், என்ன கெட்டது நடந்தது என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு உண்டு. அதில் நம் கதைக்கு வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. ‘இடர்’ வேறு, ‘தோல்வி’ வேறு என்று அவர்கள் பிரித்தார்கள். கனவு காண்பவரின் கையில் இல்லாமல் தானாக வந்து சேர்வது இடர். அவர் ஒன்றை அடைய முயன்று, தன் இயலாமையால் அது கைகூடாமல் போனால்தான் தோல்வி. பாதை அடைபடுவது, நகர முடியாமல் போவது, வழி தவறுவது, தாமதமாவது ஆகிய நான்கும் இடர் பட்டியலில் ஒரே வகுப்பில், அதுவும் ஆகக் குறைந்த கடுமையுள்ள வகுப்பில் வருகின்றன. மேலே போகப் போக விழுதல், ஆபத்து, பொருள் இழப்பு, காயம், கடைசியில் மரணம்.

நம் இளைஞரின் கனவை இந்த முறையில் குறித்துப் பாருங்கள். ரோடு முடிவது ஓர் இடர். கால் நகராதது இன்னொன்று. தோல்வி என்று குறிக்க எதுவும் இல்லை, ஏனென்றால் அவர் எதையும் முயலவில்லை. செம்மண் மேட்டில் வண்டியை ஏற்றிப் பார்த்து, சறுக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்திருந்தால் அது தோல்வி. உணர்ச்சிப் பகுதியில் குறிக்கவும் எதுவும் இல்லை. கனவு கண்டவரே ‘பயந்தேன்’, ‘வெட்கமாக இருந்தது’ என்று எழுதியிருந்தால் ஒழிய ஆய்வாளர் உணர்ச்சியைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. கேட்ட மாத்திரத்தில் நாம் அந்தக் கனவுக்குள் ஏற்றிய ஏக்கம், அவமானம் எல்லாம் எழுதிய வரிகளில் இல்லை. பெரும்பாலும் நாம்தான் போட்டு நிரப்பினோம்.

எண்ணிப் பார்த்ததில் கிடைத்த அடுத்த செய்தி இன்னும் முக்கியம். அந்த 1,000 கனவுகளில், ஆண்களின் கனவுகளில் 36 சதவீதத்திலும் பெண்களின் கனவுகளில் 33 சதவீதத்திலும் குறைந்தது ஓர் இடராவது இருந்தது. எதிர்பாராத நல்லது நடந்த கனவுகள் இரு தரப்பிலும் வெறும் 6 சதவீதம். 2003-ல் டோரே நீல்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் கனடாவின் மூன்று நகரங்களில் 1,181 பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டபோது, ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய முயலும் கனவை வாழ்நாளில் ஒரு தடவையாவது கண்டதாகப் பாதிக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். தாமதமாகப் போய்ச் சேரும் கனவைக் கண்டவர்கள் 60 சதவீதத்தை நெருங்கினார்கள். இவர்கள் எல்லாரும் வாழ்க்கையில் தேங்கி நின்றவர்கள் அல்ல. முட்டிக்கொள்வதும் எட்ட முடியாமல் போவதும் கனவுலகின் அன்றாடம். ஆகவே அடைபட்ட பாதையை ஒரே ஒரு தடவை கனவில் கண்டுவிட்டு மனம் கலங்குவதற்கு ஏதுமில்லை.

ஏன் இது இவ்வளவு சாதாரணம்? உறங்கும் மூளையின் நிலையைப் பார்த்தால் ஓரளவு புரியும். கதைபோல நீளும், காட்சி செறிந்த கனவுகள் பெரும்பாலும் விரைவுக் கண்ணசைவு உறக்கத்தில் வருகின்றன. 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் கண்டறிந்த கட்டம் இது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வரும். முதல் சுற்று சில நிமிடங்களே, விடியலை நெருங்க நெருங்க நீளும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம் ஊரில் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்த நீட்சிதான் என்று நினைக்கிறேன். நீண்ட கனவின் நடுவிலிருந்தே அந்த நேரத்தில் நாம் எழுகிறோம். அதனால் அது மறப்பதில்லை. மறக்காத கனவுக்குத்தான் பலன் தேடுகிறோம்.

இந்தக் கட்டத்தில் மூளைத்தண்டு உடலின் தசைகளுக்குச் செல்லும் கட்டளையை முதுகுத்தண்டிலேயே அடக்கிவிடுகிறது. கண்ணும் மூச்சுத் தசையும் வேலை செய்யும். கை கால்கள் தளர்ந்து கிடக்கும். பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ஜூவே பூனைகளின் மூளைத்தண்டில் ஒரு சிறு பகுதியைச் சிதைத்தபோது, அந்தத் தடை விலகி, பூனைகள் உறக்கத்திலேயே எழுந்து இரையைத் துரத்துவதுபோல நடந்துகொண்டன. கனவில் நடக்கச் சொல்லும் மூளைக்கு, நடந்ததற்கான பதில் காலிலிருந்து வருவதில்லை. கால் ஒட்டிக்கொள்ளும் கனவுகள் சிலவற்றுக்கு இது காரணமாகலாம். ஆனால் அதே தளர்ந்த உடலோடுதான் கனவில் ஓடவும் பறக்கவும் செய்கிறோம் என்பதால் இதை முழு விடையாகக் கொள்ள முடியாது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. 1990-களின் நடுவில் பெல்ஜியத்திலும் அமெரிக்காவிலும் உறங்குபவர்களின் மூளையைப் பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். விரைவுக் கண்ணசைவு உறக்கத்தில் அச்சம் முதலான உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா சுறுசுறுப்பாக இருந்தது. திட்டமிடவும், மாற்று வழி யோசிக்கவும், ‘இது சரியா’ என்று சோதிக்கவும் உதவும் முன்மூளையின் பக்கவாட்டு மேற்பகுதி அடங்கிக் கிடந்தது. அந்த இளைஞரை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். விழித்திருக்கும்போது ரோடு முடிந்தால் அவர் என்ன செய்வார்? வண்டியைத் திருப்புவார், போனில் மேப் பார்ப்பார், டீக்கடையில் விசாரிப்பார். கனவில் இதில் எதுவும் தோன்றவே இல்லை. அச்சத்தோடு தொடர்புள்ள பகுதி விழித்திருக்கிறது, யோசிக்கும் பகுதி அடங்கியிருக்கிறது. இரவில் டார்ச் அடித்துக்கொண்டு வரப்பில் நடப்பவருக்கு வெளிச்சம் விழும் வட்டம் மட்டுமே வயல் என்பதுபோல, கனவிலும் அந்தந்தக் கணத்துக் காட்சி மட்டுமே உலகம். அடுத்த வளைவு முன்கூட்டியே எங்கும் வரைந்து வைக்கப்படவில்லை. அடுத்த காட்சியை மூளை கட்டத் தவறும் இடத்தில் சாலை முடிகிறது என்பது என் ஊகம். நிரூபணமான முடிவாக இதைக் கொள்ள வேண்டாம்.

இதுவரை பார்த்தது சாலை முடிவதற்கான இயந்திரக் காரணம். தேங்கி நிற்கும் மனம் தன்னைச் சாலையாகப் படம் பிடித்துக்கொள்ளுமா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. அதைக் கிட்டத்தட்ட நேரடியாகவே ஆய்வு செய்தவர் வியன்னாவின் ஹெர்பர்ட் சில்பரர். அவர் 1909-ல் வெளியிட்ட கட்டுரை அளவில் சிறியது. படிக்கும்போது இன்றும் வியப்பூட்டுவது. தூக்கம் கண்ணைச் சொருகும் நேரத்தில் வேண்டுமென்றே கடினமான ஒன்றை யோசிப்பார். யோசனை நழுவும் தருணத்தில் கண்முன் ஒரு காட்சி எழும். உடனே விழித்து இரண்டையும் குறித்துக்கொள்வார். ஒரு கட்டுரையில் கரடுமுரடான பகுதியைச் சீராக்க வேண்டும் என்று யோசித்தார். தான் ஒரு மரத்துண்டை இழைப்பதைக் கண்டார். கான்ட் காலத்தைப் பற்றிச் சொன்னதை நினைவுக்குக் கொண்டுவர முயன்று முடியாமல் போனது. தகவல் தர மறுக்கும் சிடுமூஞ்சிச் செயலாளர் ஒருவர் எதிரே தோன்றினார். யோசனையின் இழை முற்றிலும் அறுந்து, எங்கே தொடங்கினோம் என்பதே மறந்தபோது அவர் கண்டது அச்சுக்கோத்த எழுத்துப் பலகையை. அதன் கடைசி வரிகள் சில இல்லை.

இந்த மூன்றாவதுதான் நம் சாலைக்கு அண்ணன். ‘மேற்கொண்டு போக முடியவில்லை’ என்ற நிலை, பாதியில் முடியும் ஒரு பொருளாகக் கண்ணுக்குத் தெரிந்தது. சில்பரர் அச்சும் எழுத்துமாக வாழ்ந்தவர், அவருக்கு அச்சுக்கோப்பு. பைக்கில் பைபாஸில் போய்வருகிறவருக்கு பைபாஸ். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சில்பரர் பார்த்தது உறக்கத்தின் வாசற்படியில் எழும் காட்சிகள். ஆழ்ந்த உறக்கத்துக் கனவு அதேபோல் இயங்குகிறது என்பதற்கு அது சான்றாகாது. மேலும், என்ன யோசித்தோம் என்று தெரிந்துகொண்டே அவர் காட்சிக்குப் பொருள் எழுதினார்.

1993-ல் மொழியியலாளர் ஜார்ஜ் லேகாஃப் இதையே பெரிய கொள்கையாக முன்வைத்தார். வாழ்க்கையைப் பயணமாகக் காணும் உருவகம் நம் சிந்தனையின் அடித்தளத்திலேயே இருக்கிறது, கனவும் அதே உருவகங்களைக் கொண்டுதான் தன் காட்சிகளை அமைக்கிறது என்பது அவர் வாதம். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று சொல்லி வளர்ந்த நமக்கு இது இயல்பாகவே படும். கனவு ஆய்வாளர் வில்லியம் டாம்ஹாஃப் இதை ஏற்கவில்லை. கால்வின் ஹாலின் மாணவரான அவர், நம்மை அழுத்தும் கவலைகளும் உறவுகளும் கனவில் தொடர்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறார். ஆனால் அவை பெரும்பாலும் நேரடியாகவே வருகின்றன என்கிறார்: தேர்வுக் கவலை தேர்வாக, அப்பாவைப் பற்றிய கவலை அப்பாவாக. கனவில் வரும் சாலை உருவகம்தான் என்பதற்கு, கனவு கண்டவரின் வாழ்க்கையை அறியாத ஒருவரால் அதைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும். அத்தகைய உறுதியான சான்று இல்லை என்பது அவர் நிலை. நான் டாம்ஹாஃப் பக்கம் சாய்கிறேன். அந்த இளைஞரின் கனவில் ஆய்வுக்கு உறுதியாகக் கிடைக்கும் செய்தி சாலையைவிடப் பின்சீட்டில் உட்கார்ந்து கேள்வி கேட்ட அப்பாவிடம்தான் இருக்கிறது.

தடைக்கும் கனவுக்கும் உண்மையான தொடர்பு உண்டா என்பதை ஆய்வகத்தில் பார்த்த ஒரு சோதனை இருக்கிறது. பொருத்தமாக, அது ஒரு புதிர்ப்பாதை. 2010-ல் ஹார்வர்டில் எரின் வாம்ஸ்லி, ராபர்ட் ஸ்டிக்கோல்டு குழுவினர் 99 பேரைக் கணினியில் ஒரு முப்பரிமாணப் புதிர்ப்பாதைக்குள் விட்டார்கள். உள்ளே ஒரு மரம் இருக்கும். எங்கே தொடங்கினாலும் அதை விரைவில் சென்று சேர வேண்டும். பயிற்சிக்குப் பின் ஏறக்குறைய பாதிப் பேர் பகலில் ஒன்றரை மணி நேரம் உறங்கினார்கள், மற்றவர்கள் விழித்திருந்தார்கள். முதல் பயிற்சி முடிந்து ஐந்து மணி நேரம் கழித்து எல்லாரையும் மறுபடி உள்ளே விட்டார்கள். உறங்கியவர்களில் நான்கு பேருக்கு அந்தப் பாதை தொடர்பான கனவு வந்திருந்தது. அந்த நால்வரின் முன்னேற்றம், உறங்கியும் அப்படிக் கனவு காணாதவர்களைவிடப் பத்து மடங்கு. விழித்திருந்து அதையே யோசித்தவர்களுக்கு அத்தகைய பலன் இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. அந்த நால்வரும் முதல் பயிற்சியில் மற்றவர்களைவிட மோசமாகச் செய்தவர்கள். மூளை கனவில் எடுத்துக்கொண்டது தடுமாறியவர்களுடைய பாதையை. அவர்கள் கண்ட கனவும் பாதையின் நகல் அல்ல. ஒருவர் அந்த விளையாட்டின் இசையை மட்டும் கேட்டார். இன்னொருவர் சில வருடங்களுக்கு முன் போய்வந்த வௌவால் குகைகளைக் கண்டார். அவையும் புதிர்ப்பாதை மாதிரிதானே என்று அவரே சொன்னார். புதிய சிக்கலை, அதே சாயலுள்ள பழைய அனுபவத்தோடு மூளை கோத்துப் பார்க்கிறது. அந்தக் கனவுகளே முன்னேற்றத்தைத் தந்தன என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. அடியில் நடக்கும் நினைவுச் செயல்பாட்டின் வெளித்தோற்றமாகக் கனவைக் கருதினார்கள். நால்வர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

புதிர்ப்பாதையை விட்டு வாழ்க்கைக்கு வந்தால், ஹார்வர்டின் டெய்ட்ரே பாரெட் 1993-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கனவு இருக்கிறது. 76 மாணவர்களிடம் ஆளுக்கொரு சொந்தச் சிக்கலைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் தினமும் உறங்கும் முன் அதை நினைத்துவிட்டுப் படுக்கச் சொன்னார். மேற்படிப்புக்கு மருத்துவ உளவியலா, தொழில்துறை உளவியலா என்று முடிவெடுக்க முடியாமல் நின்ற ஒருவர் கண்டது இது: அமெரிக்க வரைபடத்தின் மேல் விமானத்தில் பறக்கிறார். என்ஜின் கோளாறு, இறங்க வேண்டும் என்கிறார் விமானி. மாசசூசெட்ஸில் இறங்கலாமா என்று இவர் கேட்க, அந்த மாநிலம் முழுக்க ஆபத்து என்கிறார். பத்திரமான இடத்தைக் காட்டும் விளக்குகள் தூரத்தில், மேற்கே தெரிகின்றன. விழித்ததும் அவருக்கு ஒன்று உறைத்தது. மருத்துவ உளவியலுக்கு அவர் பார்த்துவைத்திருந்த இரண்டு இடங்களும் மாசசூசெட்ஸில்; அவர் பிறந்ததிலிருந்து வாழ்ந்ததும் பெற்றோர் இருப்பதும் அங்கேதான். தொழில்துறை உளவியலுக்கான மற்ற இரண்டும் வெகு தொலைவில். எந்தப் படிப்பு என்பதைவிட வீட்டை விட்டுத் தள்ளிப் போவதுதான் தனக்கு முக்கியம் என்று அவர் முடிவுக்கு வந்தார்.

விமானி அவருக்குத் தெரியாத எதையும் சொல்லவில்லை. நான்கு இடங்களின் முகவரியும் அவர் கையில்தான் இருந்தது. விழித்திருக்கும்போது படிப்புகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தவர், கனவில் அவற்றை ஊர்களாகப் பார்த்தார். பொருள் கொண்டது விழித்தபின், அவரே. கனவிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது இந்த அளவுதான் என்று நான் கருதுகிறேன்.

உங்கள் கனவுக்கும் உங்கள் தேக்கத்துக்கும் தொடர்பு உண்டா என்பதை வீட்டிலேயே ஓரளவு நேர்மையாகச் சோதிக்கலாம். படுக்கையருகே நோட்டு வைத்து, விழித்தவுடன், புரண்டு படுப்பதற்கு முன், கண்டதை மட்டும் எழுதுங்கள், விளக்கம் வேண்டாம். அன்றன்றைய பகலைப் பற்றி நான்கு வரி, தனித்தாளில், இரவு படுக்கும் முன். சில வாரம் சேர்ந்ததும் தேதிகளை மறைத்து, இரண்டு கட்டுகளையும் கலைத்து, உங்கள் வாழ்க்கையை அறியாத ஒருவரிடம் கொடுத்து, எந்தப் பகலுக்கு எந்தக் கனவு என்று ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள். ஆட்கள், இடங்கள் போன்ற வெளிப்படையான தடயங்கள் இருந்தால் பொருத்தம் தானாக அமைந்துவிடும், அவற்றை அடித்துவிட வேண்டும். பொருத்தம் குருட்டாம்போக்கில் வருவதற்கு மேல் போகவில்லை என்றால், அந்தக் கனவுகள் உங்கள் நாட்களைப் பற்றிப் பேசுவதாகச் சொல்ல முடியாது. எழுதிய கனவுகளில் இடர் எத்தனை, தோல்வி எத்தனை என்றும் எண்ணிப் பாருங்கள்.

அதே கனவு திரும்பத் திரும்ப வந்து உறக்கத்தைக் கெடுத்தால் அதற்குச் சோதிக்கப்பட்ட ஒரு வழி உண்டு. காட்சி ஒத்திகைச் சிகிச்சை என்று இதைச் சொல்லலாம். பாலியல் வன்முறைக்கு ஆளான 168 பெண்களிடம் பாரி கிராக்கோ குழுவினர் இதைப் பரிசோதித்து 2001-ல் வெளியிட்டார்கள். சிகிச்சை பெற்றவர்களுக்குக் கெட்ட கனவுகள் தெளிவாகக் குறைந்தன. கனவை எழுதி, அதை எப்படி வேண்டுமானாலும் மாற்றி, மாற்றிய வடிவத்தைப் பகலில் தினமும் 10 முதல் 20 நிமிடம் கண்முன் ஓட்டிப் பார்ப்பதுதான் முறை. மாற்றம் வெற்றியாக இருக்க வேண்டியதில்லை. அந்த இளைஞர் மேட்டின் மேல் பாலம் கட்ட வேண்டாம். வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு அப்பாவும் அவரும் ஜேசிபி நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதாக மாற்றினால் போதும். ஆகக் கொடிய கனவில் தொடங்காமல் லேசான ஒன்றில் பழகிக்கொள்ள வேண்டும். நடந்த விபத்தோ வன்முறையோ அப்படியே திரும்ப வரும் கனவாக இருந்தால் தனியாகச் செய்யாமல் மனநல மருத்துவரின் துணையோடு செய்ய வேண்டும். கனவில் மேடு வந்ததும் நிஜமாகவே காலை உதைத்து, கத்தி, பக்கத்தில் படுத்திருப்பவரை இடிப்பது வழக்கமானால், அது கனவின் பொருள் சார்ந்த விஷயமே அல்ல. உறக்கத்தில் தசையை அடக்கும் அந்த மூளைத்தண்டுத் தடை பழுதாகியிருக்கலாம். 50 வயதைத் தாண்டியவர்களிடம் அதிகம் காணப்படும் இந்தக் கோளாறுக்கு நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.